கடைக்காரர் அனுப்பிய செய்திகளை உரிமப் புதுப்பிப்பு விண்ணப்பமாக மாற்றுவது எப்படி?

மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் இப்போதெல்லாம் நேரில் வருவதில்லை. செல்பேசியில் துண்டு துண்டாகச் செய்தி அனுப்புகிறார்கள். எழுதப் பழகும் பிள்ளைகள் அந்தச் செய்திகளை வந்த வரிசையிலேயே எடுத்து, "தாழ்மையுடன்" என்ற சொல்லை நாலு இடத்தில் சேர்த்துக் கடிதமாக்கிவிடுகிறார்கள். அது அலுவலகத்திலிருந்து திரும்பி வருகிறது. ஏன் திரும்பி வருகிறது, எந்த வரிசையில் வேலை செய்தால் திரும்பாது என்பதை ஒரே ஒரு கடையை வைத்துச் சொல்கிறேன்.

கடை, நகராட்சி எல்லைக்குள் வாடகைக் கட்டடத்தில் இருக்கும் எழுதுபொருள் கடை. கடையைக் கவனிப்பவர் மகன். அவர் அனுப்பியவை இவை. பேச்சு நடையைச் சற்றே எழுத்து நடையாக்கியிருக்கிறேன், வரிசையைத் தொடவில்லை.

> 1. அண்ணா, கடை லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. சீக்கிரம் ஒரு லெட்டர் போட்டுக் கொடுங்கள்.
> 2. போன வருடம் அப்பாதான் போய் வாங்கினார். இப்போது அவரால் அவ்வளவாக நடக்க முடியவில்லை. இனி என் பெயரிலேயே வாங்கிவிடலாமா?
> 3. வரி எல்லாம் கட்டிவிட்டோம். ரசீது இருக்கிறது.
> 4. ஒரு ஜெராக்ஸ் மெஷின் போட்டிருக்கிறோம். சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா?
> 5. போன தடவை மூன்று முறை அலையவிட்டார்கள். அதையும் கொஞ்சம் காட்டமாக எழுதுங்கள்.
> 6. சொல்ல மறந்துவிட்டேன், கதவு எண்ணை மாற்றிவிட்டார்கள். முன்பு 14, இப்போது 31.

## 1. எழுதுவதற்கு முன் நான்கு தாள்களைப் பார்த்துவிடுங்கள்

முதல் வாக்கியத்தை எழுதும் முன், பழைய உரிமம், வரி ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், கட்டடத்தின் சொத்து வரி ரசீது ஆகிய நான்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அலுவலகம் தாளைத்தான் பார்க்கும்.

இந்தக் கடையில் நான்கு தாளிலும் ஒவ்வொரு சங்கதி கிடைத்தது. உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தது, காலம் 1.4.2024 முதல் 31.3.2025 வரை. "வரி எல்லாம்" என்று அவர் சொன்னது தொழில் வரி ரசீது. தொழில் வரி வேறு, தொழில் உரிமக் கட்டணம் வேறு. முன்னது தொழில் செய்து ஈட்டும் வருமானத்துக்காக அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. பின்னது அந்த இடத்தில் அந்தத் தொழிலை நடத்த அனுமதி கேட்டுக் கட்டுவது. பெயர் ஒட்டிவருவதால் பாதிப் பேர் ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றையும் கட்டியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குப் போட்டது; ஜனவரியிலேயே முடிந்திருந்தது. சொத்து வரி ரசீதில் மட்டும் புதிய கதவு எண் இருந்தது. மற்ற மூன்றிலும் பழைய எண். இவற்றில் பெரும்பாலானவை செய்திகளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கதவு எண்ணைச் சொன்ன ஆறாவது செய்திகூட "சொல்ல மறந்துவிட்டேன்" என்றுதான் வந்தது.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வாங்கும்வரை விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுப்பித்துக் கையொப்பம் வாங்க நான்கு நாள் ஆனது. காலாவதியான ஒப்பந்தத்தை இணைத்திருந்தால் அதே நான்கு நாளோடு இரண்டு நடையும் சேர்ந்திருக்கும்.

## 2. செய்திகளை நான்காகப் பிரியுங்கள்

செய்திகளைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது கோரிக்கையா, தாளால் காட்டக்கூடிய தகவலா, நம்மிடம் கேட்ட கேள்வியா, மனக்குறையா என்று குறியுங்கள். விண்ணப்பத்தில் முதல் இரண்டுக்கு மட்டுமே இடம் உண்டு. கேள்விகளுக்கு எழுதுகிறவர் பதில் தேடிக்கொண்டு வர வேண்டும். அலுவலகத்திடம் விண்ணப்பத்திலேயே கேட்கக் கூடாது. "ஜெராக்ஸ் இயந்திரத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்று தெரியப்படுத்தவும்" என்று எழுதினால், அந்தத் தாள் புதுப்பிப்புக் கோப்புக்குப் போகாமல் விளக்கம் கேட்கும் கடிதமாகி எங்கோ தங்கிவிடும்.

மனக்குறையைத்தான் புதியவர்கள் தவறாகக் கையாளுகிறார்கள். ஒன்று, அப்படியே எழுதிவிடுகிறார்கள். அல்லது ஒரேயடியாக நீக்கிவிடுகிறார்கள். இரண்டும் நட்டம். ஐந்தாவது செய்தியைப் படித்ததும் நான் திருப்பிக் கேட்டது, "மூன்று முறையும் என்ன சொல்லித் திருப்பினார்கள்?" என்றுதான். முதல் முறை சொத்து வரி ரசீது கேட்டார்கள். அது கட்டட உரிமையாளரிடம் இருந்தது. இரண்டாம் முறை நகல்களில் கையொப்பம் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை, மதியத்துக்கு மேல் போனதால் தபால் பிரிவில் வாங்கவில்லை.

அந்தக் கோபத்துக்குள் அந்த அலுவலகத்தின் நடைமுறையே இருந்தது. காட்டமான வாக்கியம் விண்ணப்பத்தில் வரவில்லை. ஆனால் மூன்று காரணங்களும் வேலைக்கு வந்தன. சொத்து வரி ரசீது இணைப்புப் பட்டியலில் ஏறியது, எல்லா நகலிலும் கையொப்பம் வாங்கினோம், காலையிலேயே போகச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே புகார் கொடுக்க வேண்டுமென்றால் அது தனித் தாள், தனி நாள்.

## 3. ஒரு விண்ணப்பத்தில் ஒரு கோரிக்கை

பிரித்துப் பார்த்தால் கோரிக்கைகள் மூன்று: உரிமத்தைப் புதுப்பிப்பது, பெயரை மாற்றுவது, நகலெடுக்கும் இயந்திரத்தைச் சேர்ப்பது. மூன்றையும் ஒரே கடிதத்தில் வைக்கத்தான் கை துடிக்கும். வைக்காதீர்கள்.

காரணம் எளிது. புதுப்பிப்பு என்பது ஏற்கெனவே கொடுத்ததைத் தொடர்வது. பழைய கோப்பைப் பார்த்து முடித்துவிடலாம். பெயர் மாற்றமும் தொழில் சேர்ப்பும் புதிதாக முடிவெடுக்க வேண்டியவை. வேறு ஆவணம் கேட்பார்கள். மூன்றும் ஒரே தாளில் இருந்தால், மிகவும் மெதுவாக நகரும் கோரிக்கையின் வேகத்தில்தான் மற்ற இரண்டும் நகரும். இதற்கிடையில் மார்ச் 31 வந்துவிடும்.

எனவே முதலில் இருக்கிற பெயரில், இருக்கிற தொழிலுக்குப் புதுப்பிப்பு. பெயர் மாற்றம், உரிமம் கையில் வந்த பிறகு.

இயந்திரத்தை மறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். மறைத்தது போலத் தெரிந்தால் மற்றத் தகவல்களையும் சந்தேகமாகப் பார்ப்பார். இதைப் புதுப்பிப்போடு சேர்த்து வாங்குவார்களா, தனியாகக் கேட்பார்களா என்பது உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும் என்பதால், முகப்பில் ஒரு முறை விசாரித்துவிடச் சொன்னேன். தனியாகக் கொடுங்கள் என்றார்களாம். அதே நாளில் கொடுக்க ஐந்து வரியில் இன்னொரு கடிதம் தயாரானது.

## 4. யார் கையொப்பமிடுவது என்று முடிவு செய்யுங்கள்

செய்தி அனுப்பியவர் மகன். ஆனால் உரிமதாரர் அப்பா. விண்ணப்பம் அப்பாவிடமிருந்துதான் போக வேண்டும். கையொப்பமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பவர் மகனாக இருக்கலாம். அதற்கு "என் சார்பில் இவ்விண்ணப்பத்தை அளிக்கவும் ஒப்புகை பெறவும் என் மகனுக்கு அதிகாரம் அளிக்கிறேன்" என்று ஒரு சிறு கடிதமும், மகனின் அடையாள அட்டை நகலும் போதும்.

இந்த இடத்தில் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, மகன் தன் பெயரில் எழுதி "என் கடையின் உரிமம்" என்று தொடங்குவது. பதிவேட்டில் அந்தப் பெயரே இருக்காது. மற்றது, அப்பா பெயரில் எழுதிவிட்டு மகன் அவரைப் போலவே கையொப்பம் இடுவது. வீட்டுக்குள் இது பெரிய விஷயமாகத் தெரியாது. தாளில் அது போலிக் கையொப்பம்.

உரிமதாரர் காலமாகிவிட்டிருந்தால் இந்த வழி பொருந்தாது. இறந்தவர் பெயரில் புதுப்பிப்புக் கேட்க முடியாது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்துப் பெயர் மாற்றத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் ஒருவரிடமிருந்து போகிறது என்பதால் மொழியும் மாறும். செய்திகளில் "கட்டிவிட்டோம்", "போட்டிருக்கிறோம்" என்று வந்தவை "நான்" ஆக வேண்டும். ஒரு பத்தியில் "நான்", அடுத்ததில் "நாங்கள்" என்று வந்தால் இது கூட்டு வணிகமோ என்ற கேள்வி எழும். கூட்டு வணிகத்துக்கு ஒப்பந்தப் பத்திரம் கேட்பார்கள்.

## 5. பொருள் வரியையும் பார்வை வரியையும் முதலில் எழுதுங்கள்

கடிதத்தின் உடலுக்கு முன் இந்த இரண்டையும் எழுதி முடியுங்கள். தபால் பிரிவில் இருப்பவர் பெரும்பாலும் பொருள் வரியை மட்டும் படித்துத்தான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். "உரிமம் தொடர்பாக" என்று எழுதினால் கட்டட உரிமமா, தொழில் உரிமமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பொருள் வரியில் என்ன உரிமம், என்ன வேண்டும், எந்தக் காலத்துக்கு என்ற மூன்றும் இருக்கட்டும். உரிமத்தின் பெயரை, கையில் இருக்கும் பழைய உரிமத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அழகான வேறு சொல் தேட வேண்டாம்.

பார்வை வரியில் பழைய உரிமத்தின் எண்ணும் நாளும். பழைய கோப்பை எடுக்க இது ஒன்றுதான் வழி. உரிம எண்ணில் சாய்கோடு, ஆண்டு எல்லாம் சேர்ந்து இருக்கும். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். படத்தைப் பார்த்து எழுதும்போது 1-ஐ 7 என்று படிப்பது எனக்கே நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் எண்ணைத் தொலைபேசியில் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

## 6. உடலை மூன்று பத்திகளில் முடியுங்கள்

முதல் பத்தியில் எந்த இடத்தில் என்ன தொழில், எந்த உரிமத்தின் கீழ், எதுவரை என்பது. இரண்டாவது பத்தியில் கோரிக்கை. மூன்றாவதில், தாள்களுக்கிடையே இருக்கும் வேறுபாட்டுக்கு விளக்கமும் ஆய்வுக்கான தகவலும்.

கதவு எண்ணை ஒதுக்கிவிடாதீர்கள். உரிமத்தில் 14, சொத்து வரி ரசீதில் 31 என்று இருந்தால், படிக்கிறவருக்கு அவை இரண்டு கடைகள். கடை இடம் மாறவில்லை, எண் மட்டும் மாறியது என்பதை நாமே சொல்லி, இரு எண்களும் தெரியும்படி எழுத வேண்டும். அதன் பிறகு கடிதம் முழுவதும் ஒரே வடிவம்: "புதிய எண் 31, பழைய எண் 14". புதிதாகப் போட்ட வாடகை ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதச் சொன்னேன். அதனால் வேறுபாட்டைக் காட்ட ஒரு தாள் தயாராகவே இருந்தது.

"வரி எல்லாம் கட்டிவிட்டோம்" என்பது தகவலே இல்லை. எந்த வரி, எந்த அரையாண்டுகள், என்ன ரசீது, எந்த நாள் என்று சொன்னால்தான் தகவல். அதுவும் உடலில் வேண்டாம், இணைப்பில் போதும்.

"சீக்கிரம்" என்ற சொல்லுக்கும் இதே கதிதான். "உடனடியாக", "போர்க்கால அடிப்படையில்" என்றெல்லாம் எழுதுவதால் எந்தக் கோப்பும் ஓடுவதில்லை. கோப்பைத் தாமதிக்கும் ஒன்றை நாம் நீக்கலாம்: ஆய்வுக்கு வரும்போது கடை பூட்டியிருப்பது. அதனால் கடை திறந்திருக்கும் நேரமும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதினேன். மகன் கேட்ட "சீக்கிரம்" இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அப்பாவால் நடக்க முடியவில்லை என்பதையும் எழுதவில்லை. அது அதிகாரக் கடிதத்தில் "உடல்நிலை காரணமாக" என்ற இரண்டு சொல்லாக வந்துவிட்டது. விண்ணப்பத்தில் வந்திருந்தால், கடையை நடத்துவது யார் என்ற தேவையில்லாத கேள்வி வந்திருக்கும்.

## 7. எழுதி முடித்த விண்ணப்பம்

> அனுப்புநர்
> (உரிமதாரர் பெயர், தந்தை பெயர்),
> (கடையின் பெயர்),
> புதிய எண் 31, பழைய எண் 14, (தெரு, வார்டு, ஊர், அஞ்சல் குறியீடு).
> தொலைபேசி: ..........
>
> பெறுநர்
> ஆணையர் அவர்கள்,
> (நகராட்சியின் பெயர்).
>
> ஐயா / அம்மையீர்,
>
> பொருள்: தொழில் உரிமம் – எழுதுபொருள் விற்பனை – 2025-26ஆம் ஆண்டுக்குப் புதுப்பித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: தங்கள் அலுவலகத் தொழில் உரிம எண் .........., நாள் ...........
>
> மேற்கண்ட முகவரியில், பார்வையில் குறிப்பிட்ட உரிமத்தின் கீழ் எழுதுபொருள் விற்பனைக் கடை நடத்திவருகிறேன். இவ்வுரிமத்தின் காலம் 31.3.2025 அன்று முடிவடைகிறது.
>
> இவ்வுரிமத்தை 1.4.2025 முதல் 31.3.2026 வரையிலான காலத்துக்குப் புதுப்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குரிய கட்டணத்தைச் செலுத்திய ரசீது இணைக்கப்பட்டுள்ளது.
>
> உரிமத்தில் கதவு எண் 14 என உள்ளது. கதவு எண்கள் மாற்றப்பட்டதால் அதே கட்டடத்தின் தற்போதைய எண் 31 ஆகும். கடை இடம் மாற்றப்படவில்லை. ஆய்வுக்கு வசதியாக, கடை காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> (உரிமதாரர் பெயர்)
>
> இடம்:
> நாள்:
>
> இணைப்பு:
> 1. நடப்பு உரிமத்தின் நகல்
> 2. உரிமக் கட்டண ரசீது, எண் ........, நாள் ........
> 3. தொழில் வரி ரசீதுகள், 2024-25 இரு அரையாண்டுகள்
> 4. கட்டடத்தின் சொத்து வரி ரசீது நகல்
> 5. வாடகை ஒப்பந்தத்தின் நகல்
> 6. உரிமதாரரின் அடையாள அட்டை நகல்
> 7. அதிகாரக் கடிதம், கொண்டுவருபவரின் அடையாள அட்டை நகலுடன்

பேரூராட்சியானால் பெறுநர் செயல் அலுவலர். கட்டணத்தை விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் வாங்குவோம் என்று சொல்லும் இடத்தில், இரண்டாம் பத்தியின் கடைசி வாக்கியத்தை "அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன்" என்று மாற்றி, இணைப்பிலிருந்து அந்த ரசீதை எடுத்துவிடுங்கள். இல்லாத தாளைப் பட்டியலில் வைத்திருப்பது, இருக்கிற தாளை விட்டுவிடுவதைவிட மோசம். பட்டியலைச் சரிபார்ப்பவர் முதலில் அதைத்தான் காண்பார்.

அச்சிட்ட படிவம் கொடுக்கும் இடங்களிலும் இணையத்தில் மட்டும் வாங்கும் இடங்களிலும் இந்தக் கடிதம் வீணாகாது. படிவத்தில் கதவு எண் மாறியதைச் சொல்லக் கட்டம் இருக்காது. கடிதத்தைக் கூடுதல் ஆவணமாக இணைத்துவிடலாம்.

## 8. தேதி தாண்டிவிட்டால்

இந்தக் கடைக்கு மூன்று வாரம் மிச்சம் இருந்தது. பலரும் ஜூனில்தான் செய்தி அனுப்புவார்கள்: "அண்ணா, மார்ச்சிலேயே முடிந்துவிட்டதாம், பழைய தேதி போட்டு எழுதிவிடலாமா?" கூடாது. கடிதத்தில் எந்தத் தேதி போட்டாலும், பெறப்பட்ட நாளின் முத்திரை அதன் மேலேயே விழும்.

தாமதத்தைச் சொல்லும்போது மூன்று வாக்கியம் போதும்: "மேற்படி உரிமத்தின் காலம் 31.3.2025 அன்று முடிவடைந்தது. உரிய காலத்தில் விண்ணப்பிக்க இயலவில்லை. விதிப்படி கூடுதல் கட்டணம் இருப்பின் செலுத்தத் தயாராக உள்ளேன்." காரணம் சொல்வதானால் மருத்துவமனைச் சான்று போலத் தாளால் காட்டக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "உரிமம் இல்லாமல் மூன்று மாதமாக நடத்திவருகிறேன், மன்னிக்கவும்" என்று தாமே எழுதி வந்தவர்கள் உண்டு. பொய் சொல்ல வேண்டாம். கேட்காததற்கு எழுத்தில் வாக்குமூலம் கொடுக்கவும் வேண்டாம்.

## 9. கொடுக்கும் நாள்

இரண்டு படி எடுத்து, இரண்டிலும் அப்பாவின் அசல் கையொப்பம் வாங்கச் சொன்னேன். இணைப்பு நகல்கள் ஒவ்வொன்றிலும் அவர் கையொப்பம். பட்டியலின் வரிசையிலேயே தாள்களை அடுக்கி, ஒவ்வொன்றின் வலது மேல் மூலையில் பென்சிலால் வரிசை எண். சரிபார்ப்பவர் தாளைப் புரட்டும்போது பட்டியலோடு ஒத்துவந்தால் கேள்வி குறைகிறது.

ஒரு படி அலுவலகத்துக்கு. மற்றதில் பெறப்பட்ட முத்திரை, நாள், முடிந்தால் பதிவு எண். முத்திரை இல்லாமல் "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் வைக்காமல் நிற்க வேண்டும் என்பதை மகனுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். பின்னால் எந்த விசாரிப்புக்கும் பிடிமானம் அந்தப் படிதான்.

பதினொரு மணிக்கு முத்திரை விழுந்த படியைப் படம் எடுத்து அனுப்பினார். முத்திரை இருந்தது, மை பரவித் தேதி மட்டும் தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பேனாவால் தேதி எழுதி வாங்கச் சொன்னேன். "மறுபடியும் அலையவிடுகிறீர்களே அண்ணா" என்று எழுதினார். பத்து நிமிடத்தில் அடுத்த படம் வந்தது, முத்திரைக்குக் கீழே நீல மையில் தேதியோடு.